பூசணத்தின் வேலை எங்கே முடிகிறது?
டெம்பே, மிசோ, சோயா சாஸ் பற்றிய தேர்வு விடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வினாவும் வழக்கமான விடையும்

உணவுத் தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் படிக்கும் மாணவர்களுக்கு 'நொதித்த உணவுகள்' என்ற தாளில் மனப்பாடத்துக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. ஒரு பக்கம் உணவின் பெயர், அடுத்து மூலப்பொருள், கடைசியில் நுண்ணுயிரி. இட்லிக்கு லூகோனாஸ்டாக், தயிருக்கு லாக்டோபேசில்லஸ் என்று இறங்கிவரும் வரிசையில் டெம்பேவுக்கு ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ் என்றும், மிசோவுக்கும் சோயா சாஸுக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்றும் எழுதியிருக்கும். மூன்றுக்கும் மூலப்பொருள் சோயா மொச்சை. மூன்றும் 'பூசண நொதித்தல்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும்.

இந்த அட்டவணையில் பிழை இல்லை. அந்த உணவுகள் அந்தப் பூசணங்களைக் கொண்டுதான் தொடங்குகின்றன. ஆனால் தொடக்கம் மட்டுமே முழு விடையாக ஏற்கப்படும்போது, மூன்று உணவுகளுக்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு மாணவர் கண்ணில் படாமலே போகிறது. டெம்பேவில் வைட்டமின் பி12 இருப்பதற்குப் பூசணமே காரணம் என்று எழுதுவதும், சோயா சாஸின் மணம் அஸ்பெர்ஜில்லஸ் தந்தது என்று எழுதுவதும், டெம்பேயின் கரும்புள்ளியைக் கெட்டுப்போனதன் அடையாளமாகக் கருதுவதும் இந்த ஒற்றைத் தலைப்பிலிருந்து கிளைக்கும் தவறுகள்.

ஆகவே இக்கட்டுரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மூன்று உணவுகளிலும் பூசணம் எதுவரை உயிரோடு வேலை செய்கிறது? அது நின்ற பிறகு யார் செய்கிறார்கள்? காலக்கணக்கைப் பார்த்தாலே கேள்வியின் கனம் புரியும். டெம்பே ஒன்றரை, இரண்டு நாளில் முடிந்துவிடும் உணவு. அந்த நேரம் முழுக்கப் பூசணம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஜப்பானில் பெரும்பாலும் புழங்கும் கொய்குச்சி வகைச் சோயா சாஸ் உருவாக ஆறு முதல் எட்டு மாதம் ஆகிறது. அதில் பூசணம் வளர்வது முதல் மூன்று நாள் மட்டுமே.

டெம்பே: பூசணமே உணவாகும் இடம்

டெம்பே ஜாவாவின் உணவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட செராட் செந்தினி என்ற ஜாவானிய நூலிலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் சம்பல் போட்டு வறுத்த டெம்பே பழகிய பண்டம்தான். 1895இல் டச்சு ஆய்வாளர் பிரின்சன் கீர்லிக்ஸ் இதன் பூசணத்தை ரைசோபஸ் ஒரைசே என்று இனங்கண்டார். பிந்தைய ஆய்வுகள் ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸையே முதன்மையாக வைத்தன. 1960களில் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் ஹெஸல்டைனும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டைன்கிராஸும் தத்தம் குழுவினரோடு செய்த பணிதான் செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் சொன்னது.

அந்தப் படிகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சோயா மொச்சையை இரவு முழுக்க ஊறவைக்கிறார்கள். ஜாவாவின் வெப்பத்தில் ஊறல் தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தாமாகப் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. நம் வீட்டில் உளுந்து ஊறும்போது தொடங்குவதும் இதே வகைப் புளிப்புதான். மொச்சையின் அமிலநிலை 5க்கும் கீழே இறங்கினால் கெடுக்கும் பாக்டீரியாக்கள் தயங்கும், ரைசோபஸ் தயங்காது. குளிர்நாடுகளில் இந்தப் புளிப்பு தானாக வராததால் ஊறல் நீரிலோ வேகவைக்கும் நீரிலோ வினிகரோ லாக்டிக் அமிலமோ சேர்க்கிறார்கள். ஆகவே 'டெம்பேவில் பாக்டீரியாவுக்கு இடமில்லை' என்று எழுதும் விடை முதல் படியிலேயே சறுக்குகிறது.

அடுத்தது தோல் நீக்குவது. தோலோடிருக்கும் பருப்புக்குள் பூசண இழை எளிதில் நுழையாது. பிறகு வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, மேற்பரப்பின் ஈரம் போக ஆறவிடுகிறார்கள். பல தொகுதிகள் கெடுவது இந்த இடத்தில்தான். ஈரம் தங்கிய பருப்புகளுக்கிடையே காற்று போகாது; காற்றில்லாத இடத்தில் பூசணம் திணற, பேசில்லஸ் வகை பாக்டீரியா முந்திக்கொள்ளும். தொட்டால் பிசுபிசுப்பு, மோந்தால் அம்மோனியா.

ஆறிய பருப்பில் பூசண வித்துகளைக் கலக்கிறார்கள். ஜாவாவில் மரபாகப் பயன்படுவது, வாரு எனப்படும் நீர்ப்பருத்தி மர இலையின் அடிப்புறத்து மென்மயிரில் பூசணத்தை வளர்த்து எடுத்த 'உசார்'. பிறகு வாழையிலையில் பொதிகிறார்கள், அல்லது ஊசியால் துளையிட்ட நெகிழிப் பையில் அடைக்கிறார்கள். 30 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால் முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. வித்துகள் முளைக்கும் நேரம் அது. அதன்பின் பொதி தானாகச் சூடேறத் தொடங்குகிறது. ஒரு நாள் நெருங்கும்போது உள்வெப்பம் 40 பாகையையும் தாண்டக்கூடும் என்பதால், அதுவரை சூடு கொடுத்தவர்கள் அப்போது காற்றோட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். அடுக்கிவைத்த பொதிகளைப் பிரித்துப் பரப்பாவிட்டால் நடுவிலுள்ளவை தம் சூட்டாலேயே கெடும்.

நல்ல டெம்பேயைக் கத்தியால் அறுத்தால் பருப்புகள் உதிராமல் மெல்லிய துண்டாக வரும். பருப்பையும் பருப்பையும் பிணைத்திருப்பது பூசணத்தின் வெள்ளை இழைகள். டெம்பே சாப்பிடுகிறவர் பூசணத்தின் உடலையும் சேர்த்தே சாப்பிடுகிறார். துளைகளை ஒட்டிக் கருமையோ சாம்பல் நிறமோ தெரிந்தால், அங்கே காற்று கூடுதலாகக் கிடைத்துப் பூசணம் வித்து வைத்திருக்கிறது என்று பொருள். அது தீங்கில்லாதது. அம்மோனியா நெடி தூக்கலாக அடித்தாலோ, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறத் திட்டுகள் தெரிந்தாலோ ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸுக்கு மாவுச்சத்தை உடைக்கும் திறன் குறைவு. புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் திறன் அதிகம். மாவுச்சத்து மிகக் குறைவாகவும் எண்ணெயும் புரதமும் மிகுதியாகவும் உள்ள சோயாவுக்கு அது பொருந்துவதும், டெம்பே இனிக்காததும் இதனால்தான். பருப்பிலுள்ள பைட்டிக் அமிலத்தையும் அது ஓரளவு சிதைக்கிறது. அந்த அமிலம் குறைந்தால் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது எளிதாகும்.

ஆனால் பி12 இந்தப் பூசணத்தின் கொடை அல்ல. 1977இல் லியெம், ஸ்டைன்கிராஸ், குரோங்க் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. தூய பூசணத்தை மட்டும் கொண்டு செய்த டெம்பேவில் பி12 உருவாகவில்லை; கடையில் வாங்கிய டெம்பேவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவையும் சேர்த்தபோது உருவாயிற்று. கிளெப்சியெல்லா இனத்தைச் சேர்ந்த அந்த பாக்டீரியா மரபான செய்முறையில் தானாக வந்து சேர்வது. தூய்மையான தொழிற்சாலையில் தூய வித்தைக் கொண்டு செய்யும் டெம்பேயை நம்பி, அசைவமும் பாலும் தவிர்ப்பவர் பி12 தேவையைத் தீர்த்துக்கொள்ள முடியாது. 'டெம்பே பி12 தரும்' என்று ஒரே வரியில் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் தருவது, உண்பவரின் உடல்நலத்தைத் தொடும் தவறு.

கோஜி: இரண்டு மூன்று நாள் வேலை

மிசோவுக்கும் சோயா சாஸுக்கும் முதல் படி கோஜி. வேகவைத்த தானியத்திலோ பருப்பிலோ அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே படர்ந்த நிலைதான் கோஜி. இந்தப் பூசணத்தை 1876இல் ஜப்பானில் பணியாற்றிய ஹெர்மன் ஆல்பர்க் யூரோடியம் ஒரைசே என்று விவரித்தார். 1884இல் ஃபெர்டினாண்ட் கோன் அதை அஸ்பெர்ஜில்லஸ் பேரினத்துக்கு மாற்றினார். சோயா சாஸ் ஆலைகளில் இதன் நெருங்கிய உறவான அஸ்பெர்ஜில்லஸ் சோஜேயும் பயன்படுகிறது. ஜப்பானின் மது வடிப்பாளர் கழகம் 2006இல் கோஜிப் பூசணத்தை 'நாட்டுப் பூசணம்' என்று அறிவித்தது.

டெம்பேவுக்கும் கோஜிக்கும் நோக்கமே வேறு. டெம்பே செய்பவர் பருப்பைக் கட்டியாக்க விரும்புகிறார். கோஜி செய்பவருக்கு வேண்டியது பூசணம் சுரக்கும் நொதிகள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ், புரதத்தை அறுக்கும் புரோட்டியேஸ், குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக்கும் குளூட்டமினேஸ் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அதனால்தான் கோஜியைக் கட்டிபிடிக்க விடாமல் இடையில் கையால் உதிர்க்கிறார்கள். உதிர்த்தால் சூடு தணியும், காற்று புகும், பூசணம் எல்லா மணிகளிலும் பரவும்.

அரிசிக் கோஜியின் வழி இது: அரிசியை ஊறவைத்து, தண்ணீரில் வேகவிடாமல் ஆவியில் அவிக்கிறார்கள். மணி வெளியே உலர்ந்தும் உள்ளே மிருதுவாகவும் இருக்க வேண்டும். குழைந்த சோற்றில் நல்ல கோஜி வராது. 35 பாகை அளவுக்கு ஆறியதும் வித்தைத் தூவுகிறார்கள். அடுத்த 40 முதல் 48 மணி நேரத்தில் பூசணம் வளர்கிறது. வெப்பம் 40 பாகையைத் தாண்டாமல் பார்ப்பதுதான் முழு வேலையும். முடிந்த கோஜி வெண்மையாக, அவித்த செஸ்ட்நட் கொட்டையை ஒத்த இனிய மணத்தோடு இருக்கும். மிசோவுக்கான கோஜியைப் பச்சை வித்து தோன்றும் முன்பே எடுத்துவிடுவார்கள்.

சோயா சாஸ் கோஜியில் அரிசி இல்லை. அவித்த சோயாவும், வறுத்து உடைத்த கோதுமையும் ஏறக்குறைய சமபங்கு. வறுத்த கோதுமை சோயாவின் மேலீரத்தை உறிஞ்சுகிறது, பின்னால் வரும் ஈஸ்ட்டுக்குச் சர்க்கரையாகிறது, மணப்பொருள்களுக்கும் மூலம் தருகிறது. இந்தக் கோஜி மஞ்சள் கலந்த பச்சையாவது குறையல்ல.

அட்டவணை விடையில் முற்றிலும் மறைந்துபோகும் ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. ஒரே பூசணம்தான், ஆனால் வெப்பத்தைப் பொறுத்து அது வேறு வேறு நொதிகளைக் கூட்டிக் குறைக்கிறது. 38, 40 பாகைக்கு ஏற்றினால் அமிலேஸ் மிகும். 30 பாகைக்கு அருகே வைத்தால் புரோட்டியேஸும் குளூட்டமினேஸும் மிகும். இனிப்பு வேண்டிய வெண்மிசோவின் அரிசிக் கோஜியைச் சூடாகவும், சுவைச்சாறு வேண்டிய சோயா சாஸ் கோஜியைக் குளிர்ச்சியாகவும் முடிப்பது இதனால்தான்.

தேர்வில் கேட்கத் தகுந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆலையில் சோயா சாஸ் கோஜி இரண்டாம் நாள் காலையில் பிசுபிசுத்து, நூல் இழுத்து, நெடியடிக்கிறது. வெப்பப் பதிவைப் பார்த்தால் இரவில் 40 பாகைக்கு மேல் சென்றிருக்கிறது. சோயாவும் வழக்கத்தைவிட ஈரமாகவே அவிந்திருக்கிறது. இதற்கு 'மாசு' என்ற ஒரு சொல் விடையாகாது. ஈரமும் சூடும் சேர்ந்தபோது பூசணம் தளர்ந்து பேசில்லஸ் சப்டிலிஸ் மேலோங்கியது. நூல் இழுப்பது நாட்டோவில் தெரியும் அதே குணம். பேசில்லஸின் வித்துகள் ஆவியில் அவித்தாலும் சாவதில்லை என்பதால், மீண்டும் அவிப்பது தீர்வல்ல. மேலீரத்தைக் குறைப்பதும், முதல் கிளறலைத் தாமதிக்காமல் செய்வதும்தான் தீர்வு.

உப்பு விழும் நேரம்

கோஜி முடிந்ததும் உப்பு விழுகிறது. பூசணத்தின் கதை அங்கே முடிகிறது. உப்பின் செறிவும் காற்றில்லாமையும் சேர்ந்து அஸ்பெர்ஜில்லஸின் வளர்ச்சியை நிறுத்துகின்றன. அது சுரந்துவைத்த நொதிகள் மட்டும் உப்புக்குள்ளும் வேலையைத் தொடர்கின்றன. வேகம் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை.

மிசோவில் எவ்வளவு உப்பு என்பது மாணவர்கள் அடிக்கடி தவறும் கணக்கு. ஒரு கிலோ காய்ந்த சோயாவில் 12 விழுக்காடு உப்புள்ள அரிசி மிசோ செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சோயா வெந்தால் ஏறத்தாழ 2.1 கிலோ ஆகும். அதோடு ஒரு கிலோ அரிசிக் கோஜி சேர்த்தால் 3.1 கிலோ. 3.1 கிலோவில் 12 விழுக்காடு 372 கிராம் என்று பலர் எழுதுவார்கள். ஆனால் உப்பைச் சேர்த்த பின்னான மொத்த எடையில் 12 விழுக்காடு வேண்டும். அதாவது மீதி 88 விழுக்காடுதான் 3.1 கிலோ. அப்படியானால் மொத்தம் 3.52 கிலோ, உப்பு சுமார் 420 கிராம். 372 கிராம் போட்டால் கிடைப்பது 10.7 விழுக்காடு. ஆண்டு முழுக்க வெயில் மாதங்களைக் கடந்து நிற்க வேண்டிய மிசோவுக்கு இந்த இடைவெளி சிறியதல்ல.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோக வேண்டும். 12 விழுக்காடு உப்புள்ள மிசோவையும், 17 விழுக்காட்டை ஒட்டிய உப்புள்ள சோயா சாஸையும் ஒப்பிட்டு, மிசோவில் உப்பு குறைவு என்று முடிவுகட்டுவது வழக்கம். நுண்ணுயிரிக்கு எட்டுவது மொத்த எடையின் உப்பு அல்ல, தண்ணீரில் கரைந்த உப்பு. மேலே சொன்ன மிசோவில் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான். 420 கிராம் உப்பு அதில் கரைந்தால் கரைசலின் செறிவு 21, 22 விழுக்காடு. நுண்ணுயிரியின் நிலையிலிருந்து பார்த்தால் உப்பு மிசோவும் சோயா சாஸுக்கு ஈடான கடுமையான இடம்தான்.

கியோட்டோவின் வெண்மிசோ இதற்கு நேர் எதிர்முனை. உப்பு 5, 6 விழுக்காட்டை ஒட்டியிருக்கும், கோஜி மிகுதி, காலம் சில வாரங்கள். அதில் நடப்பது பெரும்பாலும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை. அதனால் அது இனிக்கிறது, அதனாலேயே நீண்டநாள் தாங்காது. ஐச்சி மாகாணத்தின் ஒகசாக்கியில் செய்யும் ஹாச்சோ மிசோவில் அரிசியே கிடையாது. சோயாவிலேயே கோஜி பிடித்து, மரத்தொட்டியில் இட்டு, மேலே ஆற்றுக் கற்களைக் கூம்பாக அடுக்கி, இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் கடக்கவிடுகிறார்கள். அதன் கருநிறம் பூசணத்தின் நிறமல்ல. அமினோ அமிலமும் சர்க்கரையும் காலப்போக்கில் வினைபுரிந்து ஏற்படும் கருமை அது. இவ்விரண்டையும் 'மிசோ – அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே' என்ற ஒரே வரியில் அடைப்பதால் எதுவும் விளங்குவதில்லை.

மோரோமி: பூசணம் நின்றபின்

சோயா சாஸுக்கு, கோஜியை 22, 23 விழுக்காடு உப்புநீரில் கலக்கிறார்கள். இந்தக் கலவைக்கு மோரோமி என்று பெயர். கலந்து முடிந்ததும் உப்பு 17, 18 விழுக்காட்டில் நிற்கும். நவீன ஆலைகளில் முதல் மாதம் மோரோமியை 15 பாகையில் குளிர வைக்கிறார்கள். உடனே சூடாக்கினால் லாக்டிக் அமில பாக்டீரியா விரைந்து புளிப்பேற்றிவிடும். புளிப்பு கூடினால் கோஜியின் புரோட்டியேஸ் மந்தமாகும். அதற்கு அவகாசம் தருவதற்காகவே குளிர்ச்சி.

பிறகு வெப்பம் 28 பாகையை ஒட்டி உயர்த்தப்படுகிறது. உப்பைத் தாங்கும் டெட்ராஜெனோகாக்கஸ் ஹேலோஃபிலஸ் பெருகி, நடுநிலையை ஒட்டியிருந்த அமிலநிலையை 5க்கு அருகே இறக்குகிறது. அந்தப் புளிப்பில்தான் சைகோசாக்கரோமைசஸ் ரூக்ஸி என்ற ஈஸ்ட் எழுகிறது. அது சர்க்கரையை இரண்டு மூன்று விழுக்காடு சாராயமாக மாற்றுவதோடு, கேரமல் போன்ற இனிய மணம் தரும் ஒரு ஃபியூரனோன் சேர்மத்தையும் உண்டாக்குகிறது. ஜப்பானியச் சோயா சாஸின் அடையாள மணம் என்று இந்தச் சேர்மம் 1976இல் இனங்காணப்பட்டது. கடைசிக் கட்டத்தில் கேண்டிடா வகை ஈஸ்ட்டுகள், கோதுமையிலிருந்து வந்த ஃபெருலிக் அமிலத்தின் வழியில் 4-எத்தில் குவையகால் என்னும் புகைமணப் பொருளை உருவாக்குகின்றன. இத்தனையிலும் பூசணத்தின் நேரடிப் பங்கு ஏதுமில்லை. அது விட்டுச்சென்ற நொதிகள் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் தந்திருக்காவிட்டால் இவை எதுவும் நடந்திருக்காது என்பதும் உண்மை.

சுவையின் மையமான குளூட்டமிக் அமிலத்திலும் இந்த நேர வரிசைதான் முடிவு செய்கிறது. புரதம் உடையும்போது குளூட்டமின் விடுபடுகிறது. குளூட்டமினேஸ் அதை உடனே பிடித்தால் சுவையுள்ள குளூட்டமிக் அமிலம் கிடைக்கும். பிடிக்கத் தவறினால் குளூட்டமின் தானாகவே சுவையற்ற பைரோகுளூட்டமிக் அமிலமாகிவிடும். குளூட்டமினேஸை உப்பு பெரிதும் தடுக்கிறது. எனவே மூன்று நாள் கோஜி அறையில் சேர்த்துவைக்காததை எட்டு மாத மோரோமியில் ஈடுகட்ட முடியாது.

முடிவில் துணியில் பிழிந்து, 80 பாகை அளவில் சூடாக்கி, நொதிகளையும் ஈஸ்ட்டையும் நிறுத்துகிறார்கள். ஜப்பானின் தரவிதியில் சிறப்புத் தரக் கொய்குச்சிக்கு மொத்த நைட்ரஜன் குறைந்தது 1.5 விழுக்காடு வேண்டும். புரதம் எவ்வளவு கரைந்து சாறாயிற்று என்பதற்கான அளவுகோல் அது.

மோரோமி பற்றிய இந்த அறிவுக்கு நேரடிப் பயன் ஒன்று உண்டு. சோயாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சி, சில நாளிலேயே சாஸ் போன்ற நீர்மத்தைப் பெற முடியும். அமினோ அமிலம் அதிலும் இருக்கும். ஆனால் ஈஸ்ட் தரும் சாராயமும் ஃபியூரனோன் மணமும் இருக்காது. நொதித்த சாஸில் பொருட்படுத்தத்தக்க அளவில் காணப்படாத லெவுலினிக் அமிலம் அதில் இருக்கும். கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகங்கள் தேடுவது இதைத்தான். கொழுப்பும் அமிலமும் சூட்டில் சேரும்போது 3-எம்சிபிடி என்ற தீங்கான குளோரோ சேர்மமும் உருவாகும். ஐரோப்பிய ஒன்றியம் சோயா சாஸில் இதற்கு ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

நச்சு பற்றிய இரண்டு குழப்பங்கள்

பூசணம் என்றதும் அஃப்ளாடாக்சின் நினைவுக்கு வருவது இயல்பு. நிலக்கடலை விளையும் ஊர்களில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பழகிய பெயர். கோஜிப் பூசணம் அதன் மிக நெருங்கிய உறவு. மரபணுத் தொகுதியை 2005இல் வாசித்தபோது, அஃப்ளாடாக்சின் உண்டாக்கும் மரபணுக் கொத்தின் தடங்கள் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயிலும் இருப்பது தெரிந்தது. அவை பழுதுபட்டோ செயலற்றோ கிடக்கின்றன. கோஜிப் பூசணம் அந்த நச்சைச் சுரப்பதில்லை. இந்த உறுதி, தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துக் காத்துவரும் வித்துக்கு மட்டுமே உரியது. பழைய சோற்றிலோ கடலையிலோ தானாகப் பிடித்த பச்சைப் பூசணத்தைக் கோஜி என்று எண்ணி வளர்ப்பது ஆபத்து. இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது குழப்பம் டெம்பே பொங்க்ரெக். மத்திய ஜாவாவின் பாஞுமாஸ் பகுதியில் தேங்காய்ப் பிண்ணாக்கில் டெம்பே செய்யும் வழக்கம் இருந்தது. அதைத் தின்று பலர் இறந்தார்கள். வான் வீனும் மெர்ட்டன்ஸும் 1930களில் காரணத்தைக் கண்டறிந்தார்கள். குற்றவாளி பூசணம் அல்ல, பூசணம் தோற்ற இடத்தில் பெருகிய ஒரு பாக்டீரியா. இன்று அதை புர்க்ஹோல்டேரியா கிளாடியோலி என்ற இனத்தின்கீழ் வைக்கிறார்கள். அது உண்டாக்கும் பொங்க்ரெக் அமிலம், உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஆற்றல் மூலக்கூறு வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. சமைத்தாலும் அது அழிவதில்லை. தேங்காயின் கொழுப்பு நச்சு உருவாக ஏதுவாகிறது. இந்தோனேசிய அரசு 1988இல் இவ்வகை டெம்பேயைத் தடை செய்தது. சோயா டெம்பே செய்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது: மூலப்பொருளில் புளிப்பேற்றுவதும், வித்தைத் தாராளமாகப் போட்டுப் பூசணத்தை முந்த விடுவதும் பாதுகாப்பு ஏற்பாடுகள். 2015இல் மொசாம்பிக்கில் சோளமாவு சேர்த்துக் காய்ச்சிய பீரைக் குடித்து 75 பேர் இறந்ததற்கும் இதே அமிலம்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அங்கே டெம்பேயும் இல்லை, ரைசோபஸும் இல்லை.

எப்படிக் கேட்கலாம்

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், மூன்று உணவுகளையும் ஒரே தலைப்பில் வைப்பதைவிட இரண்டாகப் பிரிப்பதே பொருத்தம். டெம்பே ஒரு பக்கம்: பூசணம் உணவின் உடலாகவே நிற்கிறது, உப்பு இல்லை, காற்று வேண்டும், ஓரிரு நாளில் முடிந்து சமைத்து உண்ணப்படுகிறது. மிசோவும் சோயா சாஸும் மறுபக்கம்: பூசணம் நொதிகளைத் தந்துவிட்டு உப்பில் ஒடுங்குகிறது, அதன்பின் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் காலமும் வேலை செய்கின்றன. இந்தப் பிரிப்புக்கும் எல்லை உண்டு. சில வாரத்தில் முடியும் வெண்மிசோவில் ஈஸ்ட்டின் பங்கு மிகச் சிறிது. அது பெரும்பாலும் நொதிகளின் படைப்பு. மரபான டெம்பேயிலும் பாக்டீரியாவின் பங்கைத் தள்ள முடியாது. என்றாலும் அட்டவணையைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். 'சோயா சாஸில் பயன்படும் நுண்ணுயிரி எது?' என்ற ஒரு மதிப்பெண் வினாவை விட்டுவிட்டு, 'மோரோமியில் உப்புநீர் ஊற்றிய நாளுக்கு முன்னும் பின்னும் எந்த உயிர்கள், எந்த நொதிகள் வேலை செய்கின்றன? கோஜியை 40 பாகையில் முடித்திருந்தால் சாஸின் சுவை என்னவாகும்?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். டெம்பேவுக்கு, கரும்புள்ளி உள்ள ஒரு துண்டையும் பிசுபிசுக்கும் ஒரு துண்டையும் விவரித்து, எதைச் சமைக்கலாம், எதை எறிய வேண்டும், ஏன் என்று கேளுங்கள். நாளை உணவு ஆலையில் தரம் பார்க்கப்போகும் மாணவர் பதில் சொல்லவேண்டிய கேள்விகள் இவைதான்.